இரண்டு நிமிடத்துக்கு முந்நூறு சொல்லா?

நூல் வெளியீடோ கல்லூரி விழாவோ, சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் பொறுப்பு ஒருவருக்கு வந்து சேர்ந்ததும் கூடவே ஒரு கணக்கும் வந்து சேரும். "ரெண்டே நிமிஷம்தாங்க, முந்நூறு வார்த்தைக்குள்ள எழுதிக்கிட்டு வந்துடுங்க." சொல்பவர் இதை யாரிடமோ கேட்டிருப்பார், அவருக்குச் சொன்னவரும் அப்படியே. பேச்சுப் பயிற்சி வகுப்புகளிலும் இதே எண்தான் புழங்குகிறது: நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல், ஆகவே இரண்டு நிமிடத்துக்கு முந்நூறு. இந்தக் கணக்கை நம்பித் தமிழில் எழுதி எடுத்துப்போனவர்கள் மேடையில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். குறை அவர்களுடையதல்ல, கணக்கினுடையது.

ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரிதான். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் ஆப்ரகாம் லிங்கன் ஆற்றிய உரை, பரவலாக ஏற்கப்பட்ட படியின்படி, சுமார் 270 சொற்கள் கொண்டது. அதைப் பேச இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகியிருக்கும் என்பார்கள். (அவருக்கு முன் பேசிய எட்வர்ட் எவரெட் எடுத்துக்கொண்டது இரண்டு மணி நேரம்.) எனவே இரண்டு நிமிடம் என்றால் இருநூற்றைம்பதிலிருந்து முந்நூறு ஆங்கிலச் சொல் என்பதில் சண்டை இல்லை. அந்த எண்ணை அப்படியே தூக்கித் தமிழ்த்தாளில் வைப்பதில்தான் சண்டை.

தமிழ்ச்சொல் வேற்றுமை உருபையும் பன்மையையும் துணைவினையையும் தன்மீதே சுமந்துகொண்டு நடப்பது. 'கோயில்களிலிருந்தெல்லாம்' என்பது எண்ணும்போது ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நான்கு சொல் வேண்டும். ஆனால் நேரத்தைத் தின்பது சொல் அல்ல, அதிலுள்ள ஒலி. தாளில் புள்ளி வைத்த மெய்களையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு, உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணினால் அந்த ஒலிகளின் தோராயமான தொகை கிடைத்துவிடும். 'கோயில்களிலிருந்தெல்லாம்' இப்படி எண்ணினால் எட்டு. நம் இலக்கணக்காரர்கள் எழுத்தை மாத்திரையால், அதாவது நேரத்தால் அளந்தவர்கள். அவ்வளவு நுட்பம் இங்கே தேவையில்லை, இந்த எண்ணிக்கையே போதும்.

கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரை ஒரு கல்லூரித் தமிழ்த்துறை மாணவி அறிமுகம் செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிய வரைவில் 280 சொற்கள். முந்நூறுக்குள் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார். அதில் ஒரு வாக்கியம்: "இன்றைய சிறப்பு விருந்தினர் முப்பது ஆண்டுகளாகத் தஞ்சை மாவட்டத்துக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்து வருகிறார்." பதினோரு சொல். புள்ளி எழுத்துகளைத் தள்ளி எண்ணினால் நாற்பது. சொல்லுக்குச் சராசரியாக மூன்றரைக்குச் சற்று மேல். அவருடைய நடை முழுக்க இப்படித்தான் என்றால் 280 சொல்லில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து இருக்கும். மேடையில் நிதானமாகப் பேசுகிறவர், மூச்சு வாங்கும் இடைவெளியையும் சேர்த்து, நொடிக்கு நான்கிலிருந்து ஐந்து எழுத்து சொல்வார். நாலரை என்று வைத்தால் ஆயிரம் எழுத்துக்கு 222 நொடி. அதாவது மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு வைப்பார்கள். அசைக்கு அசை தகவல் குறைவாக இருக்கும் மொழிகளை மக்கள் வேகமாகப் பேசி ஈடுகட்டிக்கொள்கிறார்கள், ஆகவே நேரம் ஒன்றாகத்தான் வரும் என்பது அவர்கள் வாதம். 2011இல் வெளிவந்த பெல்லெக்ரினோ குழுவினரின் ஒப்பாய்வு இதைத்தான் காட்டியது: ஜப்பானியம் நொடிக்கு 7.8 அசை, சீனம் 5.2. ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் அளந்தது எழுதிய பத்தியை வாசித்த குரல்களை, அதுவும் இடைநிறுத்தங்களைக் கழித்துவிட்டு. அந்தப் பட்டியலில் தமிழும் இல்லை. சரி, வாதத்துக்காக நம் மாணவி நொடிக்கு ஆறு எழுத்து வீதம் ஓர் இடைவெளிகூட விடாமல் பேசுவதாகவே கொள்வோம். அப்போதும் ஆயிரம் எழுத்துக்கு 167 நொடி ஆகிறது. இரண்டே முக்கால் நிமிடம்.

அடுத்த நம்பிக்கை, கணினியில் சொல்லை எண்ணிப் பார்த்தால் போதும் என்பது. கணினி தாளில் இருப்பதை எண்ணும், வாயில் வருவதை எண்ணாது. '1987ஆம் ஆண்டு' என்பது அதற்கு இரண்டு சொல். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு. பதினைந்து எழுத்து, மூன்று நொடிக்கு மேல். பிறந்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு, பணியில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆண்டு, விருது வாங்கிய ஆண்டு என்று ஐந்தையும் அடுக்கினால் பதினாறு பதினேழு நொடி போய்விடும். கேட்டவர்களில் ஒருவருக்கும் அவற்றில் ஓர் ஆண்டுகூட நினைவிருக்காது. பட்டங்களும் இப்படித்தான். எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. என்பதைக் கண் ஒரே பார்வையில் தாண்டிவிடும், நாக்கு ஏழு முறை நின்று நின்று சொல்லவேண்டும். சொல்லை விட்டுவிட்டு எழுத்தெண்ணிக்கையைக் கணினியிடம் கேட்டாலும் பயனில்லை. 'வணக்கம்' என்பதை அது பெரும்பாலும் ஏழு என்று எண்ணும், ஏனென்றால் அதற்குப் புள்ளியும் தனிக்குறி. நம் கணக்கில் அது மூன்றுதான். கையால் நாலைந்து வரி எண்ணிச் சராசரி பார்ப்பதே குழப்பமில்லாத வழி. ஒரு பக்கம் எழுதினால் இரண்டு நிமிடம் என்ற கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், எழுத்துருவின் அளவை மாற்றினால் அதுவும் மாறிவிடும்.

உண்மையான பெருஞ்செலவு விளித்தலில் இருக்கிறது. "மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே" என்பதில் பதினாறு எழுத்து. அதன்பின் அவர் பக்கம் திரும்பி ஒரு சின்ன நிறுத்தம். நான்கு நொடிக்குக் குறையாது. மேடையில் ஐந்து பேர் இருந்தால் இருபது நொடி, அதாவது இரண்டு நிமிடத்தில் ஆறில் ஒரு பங்கு. அவர்கள் எல்லாரையும் வரவேற்புரைக்காரர் ஏற்கெனவே தனித்தனியாக விளித்தாயிற்று. "அனைவருக்கும் வணக்கம்" என்றால் எட்டு எழுத்து, இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். முதல்வர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் அவரை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

இனி, "நீளமாக இருந்தால் என்ன, கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டால் ஆயிற்று" என்பவர்கள். வேகம் கூடும்போது எல்லாச் சொல்லும் சமமாகச் சிதைவதில்லை. நமக்குப் பழகிய சொற்களைக் கேட்பவர் பாதி காதில் விழுந்தாலும் நிரப்பிக்கொள்வார். ஊர்ப்பெயர், ஆள்பெயர், நூற்பெயர் மூன்றையும் அப்படி நிரப்ப முடியாது. அறிமுகம் என்பதே அந்த மூன்றும்தான். போதாக்குறைக்கு நம் விழாக்கள் பெரும்பாலும் நடப்பது கல்யாண மண்டபம் மாதிரியான இடங்களில். பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், உயர்ந்த கூரை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்கும் முன் அடுத்த சொல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பின்வரிசையில் இருப்பவர் பக்கத்து ஆளிடம் "பேர் என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்கத் தொடங்கினால் வேகம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் மனத்துக்குள் ஒருமுறை வாசித்து, கடிகாரம் இரண்டு நிமிடம் காட்டியது என்று சொல்பவர்களும் உண்டு. கண் வாசிப்பது எப்போதும் வாயைவிட வேகம். எழுந்து நின்று, அரங்கில் பேசும் குரலிலேயே, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு வாசிக்கவேண்டும். ஒரு நிமிடம் ஆகும்போது எந்தச் சொல்லில் இருக்கிறோமோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, அதுவரை உள்ள எழுத்துகளை எண்ணி அறுபதால் வகுத்தால் அவரவருக்கான வேகம் தெரிந்துவிடும். நான் சொன்ன நாலரையை விட்டுவிட்டு அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு நான்குக்குக் கீழேயும் வரும். மேடைப் படபடப்பில் வேகம் கூடும், அதனால் கொஞ்சம் அதிகமாகவே எழுதலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. படபடப்பு பெரும்பாலும் முதல் சில வாக்கியங்களோடு தணிந்துவிடும். கைதட்டலும் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

மாணவியின் தாளுக்குத் திரும்புவோம். 120 நொடியில் வணக்கத்துக்கு ஐந்து, விருந்தினரின் பெயருக்கு முன்னும் பின்னும் விடும் நிறுத்தத்துக்கும் கைதட்டலுக்கும் பத்து. மீதி 105 நொடி. நாலரையால் பெருக்கினால் 470 எழுத்து, சொல்லில் சுமார் 130. அவர் எழுதியதில் பாதிக்கும் குறைவு.

ஐந்து விளிப்பில் ஒன்று மிஞ்சும். ஆண்டுகள் எல்லாம் போய், 'முப்பது ஆண்டுகளாக' என்பது மட்டும் இருக்கும். பட்டங்களுக்குப் பதில் பெயருக்கு முன் 'முனைவர்' என்ற ஒரு சொல். ஒன்பது நூற்பெயர்களை வரிசையாகச் சொல்வதென்றால் ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு நிறுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நூல் ஒரே நூலாகக் கேட்கும். ஆகவே அன்றைய உரைக்கு நெருக்கமான ஒரு நூல் போதும். இப்படிக் கழித்ததில் மிஞ்சும் இடத்தில், படியெடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று இரண்டு வாக்கியம் எழுதலாம்: கல்லைத் தூரிகையால் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுப்பது. விருந்தினரின் பிழைப்பு என்ன என்பது அரங்குக்கு அப்போதுதான் புரியும்.

இத்தனைக்குப் பிறகும் நீளலாம், ஏனென்றால் கூட்டம் எங்கே கைதட்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்குத் தாளிலேயே ஏற்பாடு வேண்டும். நடுவில் எங்கே ஒரு நிமிடம் ஆகவேண்டுமோ அங்கே கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியதும் வரும் வாக்கியங்களில், எடுத்துவிட்டாலும் தொடர்ச்சி அறாத ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவைக்கவேண்டும். கோட்டை அடையும்போது கடிகாரம் ஒன்றேகால் நிமிடத்தைக் காட்டினால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்காமல் தாண்டிவிடலாம். கடைசி வாக்கியத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. விருந்தினரின் பெயர் அதில்தான் வருகிறது. அதை மெதுவாகச் சொல்லவேண்டும், அது முடியும்போதுதான் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வார்.