நாலா யாருடையது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தில்லியில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘உங்கள் கவுன்சிலர் என்ன செய்கிறார்?’ இக்கேள்வியே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. வார்டு என்பது வாக்குகளை எண்ணுவதற்காக வரையப்பட்ட அலகு. தண்ணீர் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. நகரின் சிக்கல்களை அலுவலகங்களுக்குள் பங்கிட்டிருக்கும் கோடுகள் வேறு. அவற்றைப் பெரும்பாலான குடிமக்கள் ஒருபோதும் பார்த்ததில்லை.

முதலில் வரைபடம். தில்லி மாநகராட்சி 12 மண்டலங்களாகவும் 250 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. 2022 வரை வார்டுகள் 272 இருந்தன. மூன்றாகப் பிரிந்திருந்த மாநகராட்சிகள் அவ்வாண்டு மே மாதம் மீண்டும் ஒன்றாக்கப்பட்ட பின், மறுவரையறையில் எண்ணிக்கை குறைந்தது. வார்டுக்கு ஒரு கவுன்சிலர். மண்டலத்துக்கு ஒரு துணை ஆணையர், அவருக்குக் கீழே பொறியியல், துப்புரவு, கட்டட அனுமதி, தோட்டக்கலை முதலிய பிரிவுகள். அன்றாட நிர்வாகம் நடப்பது மண்டல அலுவலகத்தில்தான். கவுன்சிலர் அங்கே வலியுறுத்தலாம், கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம். ஆணையில் கையொப்பமிடுபவர் அவரல்லர். இந்த ஏற்பாட்டுக்கு வெளியே புது தில்லி நகராட்சிக் கழகமும் படைமுகாம் வாரியமும் இருக்கின்றன. முன்னதில் மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்களே கிடையாது. ஒரு சாலையைக் கடந்தால் கவுன்சிலர் உள்ள இந்தியாவிலிருந்து கவுன்சிலர் இல்லாத இந்தியாவுக்குள் நுழைந்துவிடலாம்.

இவ்வளவும் பொது அறிவுப் புத்தகங்களில் கிடைக்கும். கிடைக்காதது இனிமேல் வருவது.

தெருவில் நீர் தேங்கினால் அதைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பதை முதலில் தீர்மானிப்பது அத்தெரு எந்த வார்டில் இருக்கிறது என்பதன்று; அத்தெருவின் அகலம். 2012இல் மாநகராட்சி பிரிக்கப்பட்டபோது, 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் மாநில அரசின் பொதுப்பணித் துறைக்கு மாற்றப்பட்டன. அதற்குக் குறைந்தவை மாநகராட்சியிடம் தங்கின. சாலையோடு அதன் ஓரத்து மழைநீர் வடிகாலும் கை மாறியது. இந்த 60 அடி தார் போடப்பட்ட பகுதியின் அகலமன்று. நடைபாதை, வடிகால், மரம் நிற்கும் மண் பட்டை எல்லாம் அடங்கிய முழு அகலம் அது. ஆகவே கண்ணால் பார்த்து முடிவுக்கு வருவது எளிதன்று. ஆக்கிரமிப்பால் 40 அடியாகச் சுருங்கித் தோன்றும் சாலை ஆவணத்தில் 60 அடியாக இருக்கலாம்.

அடுத்த கோடு நீரின் வகை. கழிவுநீர்க் குழாய்கள் 1998இல் உருவான தில்லி நீர் வாரியத்துக்கு உரியவை. மழைநீர் வடிகால்கள் சாலையின் உடைமையாளருக்கு உரியவை. மூன்றாவது கோடு ஆழம். மாநகராட்சிக்குள்ளேயே, 4 அடிக்கு மேல் ஆழமுள்ள வடிகால்களைத் தூர்வாருவது பொறியியல் பிரிவு. அதற்குக் குறைந்தவை துப்புரவுப் பிரிவின் வேலை. ஒரே கட்டடத்தில் இரண்டு மேசைகள். இடையே 4 அடி.

மொழியியல் படித்தவளுக்கு இங்கே ஒரு சிறு மகிழ்ச்சியும் பெரிய எரிச்சலும் உண்டு. இந்தியில் ‘நாலா’ ஆண்பால், ‘நாலி’ பெண்பால். பெரிய வாய்க்கால் நாலா, வீட்டு வாசலில் ஓடும் சிறியது நாலி. பாலே அளவைக் குறிக்கிறது. தற்செயலாக அந்த 4 அடிக் கோட்டுக்கும் இப்பகுப்பு ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது. ஆனால் உள்ளே ஓடுவது மழைநீரா மலநீரா என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை. தமிழிலும் ‘சாக்கடை’ அப்படித்தான்: சென்னையிலும் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், பேசுபவர் வாயில் இரண்டும் ஒரே சாக்கடை. பேச்சு பொருளை அளவாலும் நாற்றத்தாலும் வகைப்படுத்துகிறது. நிர்வாகம் உடைமையால் வகைப்படுத்துகிறது. ‘நாலி அடைத்துக்கொண்டது’ என்று ஒருவர் எழுதும் புகார் இந்தி இலக்கணப்படி முழுமையான வாக்கியம். நிர்வாக இலக்கணப்படி அதில் எழுவாய் இல்லை.

ஒரு சந்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தெற்கு தில்லியின் ஏதோ ஒரு நகர்ப்புறக் கிராமம். 15 அடிச் சந்து. அது சரிந்து இறங்கி ஒரு பெரிய சாலையில் சேர்கிறது. சேருமிடத்தில் முழங்கால் அளவு நீர். முதல் சோதனை: மழையில்லாத நாளிலும் நீர் நிற்கிறதா? நின்றால் அது பெரும்பாலும் கழிவுநீர். சந்தின் நடுவில் இருக்கும் வட்ட மூடிகளின் விளிம்பில் கசிவு தெரியும். 1916 என்ற எண்ணில் நீர் வாரியத்தை அழைக்க வேண்டும். மழையன்று மட்டும் நின்றால் ஓரத்து வடிகாலைப் பார்க்க வேண்டும். அது பலகைக் கற்களால் மூடப்பட்டிருக்கும். ஒரு கல்லை நகர்த்தினால் சேறு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சேறு நிறைந்திருந்தால் மாநகராட்சி. 155305 அல்லது MCD 311 செயலி. சந்து வடிகால் ஆழமற்றது, எனவே துப்புரவுப் பிரிவு.

வடிகால் சுத்தமாக இருந்தும் சந்தின் அடிவாயில் நீர் நின்றால்தான் சிக்கல் சுவையாகிறது. மழை விட்டபின் மேல்பகுதி விரைவில் காய்ந்து, சாலையோரம் மட்டும் மணிக்கணக்கில் வடியாமல் இருக்குமானால், நீர் எதிர்த்து வருகிறது என்று பொருள். பெரிய சாலையின் வடிகால் நிரம்பியிருக்கிறது, அல்லது அதன் தரைமட்டம் சந்து வடிகாலைவிட உயர்ந்துவிட்டது. இப்போது குற்றவாளி பொதுப்பணித் துறையின் வடிகால். நீர் நிற்பதோ மாநகராட்சியின் சந்தில். மாநகராட்சி ஊழியர் வந்து பார்ப்பார், தம் வடிகால் சுத்தமாக இருப்பதைப் படம் பிடிப்பார், புகாரை முடித்துவைப்பார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது. பொதுப்பணித் துறையிடம் போனால், சந்து எங்களுடையதன்று என்பார்கள்; அதுவும் உண்மை. சாலை வடிகால் போய்ச் சேரும் பெரிய நாலா வேறொரு துறையின் கையில், பெரும்பாலும் பாசன, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருக்கும். அங்கே நீர்மட்டம் உயர்ந்திருந்தால் மேலே யாரைத் திட்டியும் பயனில்லை.

இது சிரிக்கத்தக்க அலுவலகக் கதையாக மட்டும் முடிவதில்லை. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மூன்று மாணவர்கள் நீரில் மூழ்கி இறந்ததை இதைப் படிக்கும் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்; அவர்கள் நம்மைப் போன்றவர்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 31 மாலை, நகரின் கிழக்கெல்லையில் காசிப்பூர் அருகே கட்டுமானத்திலிருந்த ஒரு வடிகாலில் ஓர் இளந்தாயும் அவருடைய மூன்று வயது மகனும் விழுந்து இறந்தனர். அதைப் பற்றி நம் வளாகங்களில் அவ்வளவு பேச்சு இல்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தில்லி வளர்ச்சி ஆணையமும் மாநகராட்சியும் வாதிட்டவற்றுள் ஒன்று, அவர்கள் விழுந்த பகுதி யாருடையது என்பது. ஒரே வடிகாலின் ஒரு நீளம் ஒருவரிடம், மறு நீளம் மற்றவரிடம். இருட்டில், வெள்ளத்தில் நடந்து வந்த பெண்ணுக்கு அந்த எல்லைக்கல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருடைய உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடையளிக்க மட்டும் அது தேவைப்பட்டது.

‘அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே அமைப்பிடம் கொடுத்துவிடுங்கள்’ என்பது நண்பர்கள் பலர் சொல்லும் தீர்வு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அகலச் சாலைகளுக்குத் தனிப் பொறியியல் அமைப்பு இருப்பதில் நியாயம் உண்டு. கழிவுநீருக்குத் தனி வாரியம் இருப்பதிலும் உண்டு. மாநகராட்சியை மூன்றாக்கினார்கள், பத்தாண்டு கழித்து ஒன்றாக்கினார்கள். நான் மேலே சொன்ன சந்துக்கு இரண்டாலும் மாற்றமில்லை, ஏனெனில் அதன் சிக்கல் மாநகராட்சிக்கும் பிறருக்கும் இடையிலுள்ள கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு எங்கே வரையப்பட்டாலும் இரு பக்கமும் நீர் இருக்கும்.

கேட்க வேண்டியது வேறு. வகைப்படுத்தும் சுமை புகார் கொடுப்பவர் தலையில் ஏன் இருக்க வேண்டும்? இதற்கு விடை நம் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(3): விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குச் சென்றால், அந்த அலுவலகமே அதை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்பி, விண்ணப்பதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘எங்களுக்கு உரியதன்று’ என்று கூறிக் கோப்பை மூட அங்கே இடமில்லை. ஒரு தாளில் தகவல் கேட்பவருக்கு இந்த மரியாதை கிடைக்கிறது; வீட்டுக்குள் மலநீர் புகுந்தவருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய புகார் ‘எம் வரம்புக்கு உட்பட்டதன்று’ என்ற குறிப்போடு முடிக்கப்படலாம். முடிக்கப்பட்ட புகார், தீர்க்கப்பட்ட புகாரோடு சேர்த்து எண்ணப்படவும் கூடும். மாற்றி அனுப்பும் கடமை, மாற்றியபின்னும் அதே புகார் எண், முதல் நாளிலிருந்தே ஓடும் கால வரம்பு: இம்மூன்றையும் புகார் முறைக்குள் கொண்டுவர எந்த எல்லையையும் திருத்தி வரைய வேண்டியதில்லை.

அதுவரை இந்தச் சட்டத்தையே கருவியாக்கலாம். புகார் இருமுறை திரும்பி வந்துவிட்டால், மூன்றாம் முறை புகார் எழுதாமல் தகவல் கேளுங்கள். இன்ன சாலையில் இன்ன இரு அடையாளங்களுக்கு இடையிலுள்ள வடிகால் எத்துறையின் பராமரிப்பில் உள்ளது, கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எடுத்த சேறு எங்கே கொட்டப்பட்டது. கட்டணம் 10 ரூபாய். விடைக்கு 30 நாள். மழைக்கு முன், ஏப்ரலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. தூர்வாரும் பணி நடப்பதாகச் சொல்லப்படுவது அதற்குப் பிந்தைய வாரங்களில்தான். உடைமையை எழுத்தில் ஒப்புக்கொண்ட துறையால் ஜூலையில் அதே வடிகாலை மறுப்பது கடினம்.