அட்வான்ஸில் பிடித்த 10,450 ரூபாய்: வீட்டு உரிமையாளருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸ் 20,000 ரூபாய். வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்ததும் 9,550 ரூபாய் தந்தீர்கள். பெயிண்டுக்கு 7,000, பாத்ரூம் கதவுக்கு 2,200, இரண்டு குழாய்களுக்கு 900, ஜன்னல் கண்ணாடிக்கு 350 எனப் பிடித்ததாகத் துண்டுச்சீட்டில் எழுதியிருந்தீர்கள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் நான். ஓட்டை எங்கே, கறை எங்கே என்று குறிக்காமல் ஒரு பீஸைக்கூட ஒதுக்க முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் 2021 ஜூனில் குடிவந்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினேன். நீங்களும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அதில் பாத்ரூம் கதவைப் பற்றி இப்படி இருக்கிறது: "மரக்கதவு. அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறது. தாழ்ப்பாள் சரி." இன்றும் தாழ்ப்பாள் சரியாகவே இருக்கிறது. ஊறிய பலகை இத்தனை வருடத்தில் இன்னும் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சமையலறைக் குழாய்க்கு நேரே "உப்பு படிந்து சொட்டுகிறது" என்று எழுதியிருக்கிறோம். போர் தண்ணீரில் குழாய் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாத்ரூம் குழாய் அன்று நன்றாக இருந்தது. அதற்கான 450 ரூபாயும், உடைந்த கண்ணாடிக்கான 350 ரூபாயும் எங்கள் பொறுப்பு. அவற்றை நான் கேட்கவில்லை.

பெரிய தொகை பெயிண்டுக்கானது. காலி செய்கிறவரிடம் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கம் என்றீர்கள். நம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் மாற்றுவதும் ஜன்னல் கண்ணாடியும் வாடகைதாரர் பொறுப்பு என்று சொல்வதும் அதே அட்டவணைதான். நாங்கள் சுவரை உடைத்திருந்தாலோ கரி பூசியிருந்தாலோ பேச்சு வேறு. பட்டியலில் "ஹால் தெற்குச் சுவரில் ஈரக்கறை, பெயிண்ட் பழையது" என்று அன்றே இருக்கிறது. புழங்கிய வீட்டில் நிறம் மங்குவது சேதக் கணக்கில் வராது.

ஆக, பெயிண்ட் 7,000, கதவு 2,200, சமையலறைக் குழாய் 450 சேர்த்து 9,650 ரூபாய் எங்களுக்கு வர வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதற்குள் தராவிட்டால், இந்தப் பட்டியல், உங்கள் துண்டுச்சீட்டு, ஒப்பந்தம் மூன்றையும் வைத்துச் சட்டப்படி மனு கொடுப்பேன். அந்த அலைச்சல் நம் இருவருக்கும் வேண்டாம். தொகையை என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் குடித்தனக்காரர்