விடைபெறும் கடிதத்தில் பெயர் எழுதக் கூடாதாம்!

பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் சென்ற வாரம் தன் டீம் லீடுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவர்கள் இனி சொந்தமாக விடைபெறும் மின்னஞ்சல் எழுத முடியாது. ஹெச்ஆர் கொடுக்கும் ஐந்து வரி மாதிரியை நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். அதில் சக ஊழியர் எவர் பெயரும் வரக் கூடாது. பார்த்த வேலையின் விவரமும் கூடாது. கடைசி நாள் மதியத்தோடு மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டுவிடும்.

சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. பெயர்கள் வெளியே போனால் போட்டி நிறுவனங்கள் ஆள் பிடித்துவிடுமாம். தகவல் பாதுகாப்புக்கும் ஆபத்தாம். லிங்க்டுஇன்னில் ஒவ்வோர் ஊழியரும் தன் படத்தோடும் பதவியோடும் இருக்கும் காலத்தில் முதல் காரணம் பதில் சொல்லும் அளவுக்குக்கூட வலுவானதில்லை. இரண்டாவதற்கு, வாடிக்கையாளர் பெயரையும் சர்வர் விவரங்களையும் எழுதாதீர்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். எழுதுகிறவருக்கு அது தெரியாதது அல்ல.

இந்தத் தடையால் எது போகிறது என்பதைப் பார்க்க ஒரு கடிதம் போதும். பதினேழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு விலகிய ஒரு டீம் லீட் தன் குழுவுக்கு எழுதிய கடிதத்தை, அவருடைய அனுமதியோடு படித்தேன். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பிரீமியம் வசூல் மென்பொருளைப் பராமரிப்பது அவர் குழுவின் வேலை. கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். "மறக்க முடியாத பயணம்", "உங்கள் அனைவருக்கும் நன்றி" போன்ற எதுவும் அதில் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஓர் இரவைச் சொல்கிறார்.

அன்றாடம் நள்ளிரவில் வங்கியிலிருந்து ஒரு கோப்பு வரும். யார் யார் பிரீமியம் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. கோப்பின் கடைசி வரியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கும். உள்ளே இருப்பதும் அந்த எண்ணும் பொருந்தாவிட்டால் மென்பொருள் கோப்பையே நிராகரித்துவிடும். அன்றிரவு அப்படித்தான் நடந்தது. ரன்புக் சொல்லும் வழி, திரும்ப ஓட்டிப் பார் என்பது. இரண்டு முறை ஓட்டியும் அதே நிராகரிப்பு. வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான ஒரு பையன், மூன்றாவது முறை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்து எண்ணியிருக்கிறான். வித்தியாசம் சரியாக ஒன்று. கோப்பின் தலைப்பு வரியையும் ஒரு பதிவாக வங்கி அன்றிலிருந்து சேர்த்து எண்ணத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் நூறு முறை ஓட்டினாலும் இதே விடைதான் வரும். விடிந்ததும் அடுத்த வேலை தானாக ஓடத் தொடங்கும். பணம் கட்டியவர்கள் எல்லாம் கட்டாதவர்களாகக் கணக்காகி, பாலிசி காலாவதி ஆகிறது என்ற எச்சரிக்கைக் கடிதம் அவர்கள் வீட்டுக்குப் போகும். அந்தப் பையன் காலாவதி வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, வங்கியின் இரவுப் பணியாளரைத் தொலைபேசியில் பிடித்து, திருத்திய கோப்பை வாங்கியிருக்கிறான்.

அந்த ஆண்டு அப்ரைசலில் அவனுக்குக் கிடைத்தது "எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்" என்ற நடு வரிசைதான். பெல் கர்வ் என்ற பெயரில் ஒரு குழுவில் இத்தனை பேர்தான் மேலே இருக்கலாம் என்று முன்கூட்டியே பங்கு பிரிக்கிற முறையில், எட்டு மாத ஊழியனுக்கு மேல் வரிசை கிடைக்காது. ரன்புக்கில் அதற்குப் பிறகு ஒரு வரி சேர்ந்தது: எண் ஒன்றால் வேறுபட்டால் தலைப்பு வரியைச் சரிபார்க்கவும். யார் கண்டுபிடித்தார் என்று ரன்புக் சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை. அவன் பெயர் எழுத்தில் இருப்பது அந்த டீம் லீடின் கடிதத்தில் மட்டுமே.

இன்னொரு பத்தி ஒரு டெஸ்டரைப் பற்றியது. மாதத்தின் நடுவில் பாலிசியை மாற்றிக்கொள்பவருக்குப் பிரீமியத்தை நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். மென்பொருள் அதைச் செய்கிறது; ஆனாலும் அந்தப் பெண் ஒவ்வொரு மாத இறுதியிலும் சில பாலிசிகளை எடுத்து, கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. "இந்தக் கணக்கில் சந்தேகம் வந்தால் ஆவணத்தைத் தேடாதீர்கள், இவரைக் கேளுங்கள்" என்று பெயரோடு எழுதியிருக்கிறார். நன்றியும் தகவலும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் ஒரு பத்தி உண்டு. சாலையெல்லாம் தண்ணீர். குழுவில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போய் அங்கிருந்து வேலையை நடத்தினார்கள். அவர்களுக்கு அப்போதே பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கடிதம் அவர்களைத் தாண்டி, போகாத ஒருவரைப் பேசுகிறது. முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் பெற்றோரை விட்டு வர முடியாமல் போனவர் அவர். தண்ணீர் வடிந்த பிறகு, பெங்களூருக்குப் போனவர்கள் ஓய்வெடுப்பதற்காக அவர்களுடைய இரவுப் பணிகளை எல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டார். சான்றிதழ் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டிருந்தது. "அன்று சொல்லியிருக்க வேண்டிய நன்றியை இன்று சொல்கிறேன்" என்கிறது கடிதம்.

கடிதத்தை எழுதிய டீம் லீடுக்கு மேனேஜர் பதவி இரண்டு முறை கைக்கு எட்டாமல் போனது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய மேலதிகாரி ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறார்: பிரச்சினை வந்த இரவுகளில் "யார் செய்தது?" என்று அவர் கேட்டதே இல்லை, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றுதான் கேட்பார் என்று. அடுத்து வரும் டீம் லீடுக்கு இதைவிட நல்ல அறிவுரையை எந்தப் பயிற்சி வகுப்பும் தராது. பண்போடு எழுதுவது என்றால் எல்லோரையும் பொதுவாகப் புகழ்வது என்று பலர் நினைக்கிறார்கள். அறுபது பேருக்கு நன்றி என்று பட்டியல் போட்டால் அந்த அறுபது பேரில் ஒருவருக்கும் அது தனக்கான நன்றியாகப் படாது. கடிதத்தில் நிறுவனத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிறது என்றால், அது யாருக்கும் எழுதப்பட்டதில்லை. ஹெச்ஆரின் ஐந்து வரி மாதிரி அப்படிப்பட்டதுதான்.

பெயரோடு எழுதிய கடிதம் ஒரு குழுவுக்கு ஏன் தேவை என்பதைச் சொல்ல ஓர் எண்ணை எழுதத்தான் வேண்டும்: 28.4. 2022 ஜூனில் முடிந்த ஓராண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் தாமாக விலகியவர்களின் விகிதமாக அந்த நிறுவனமே அறிவித்த சதவீதம் அது. டிசிஎஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது 21.5. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 28.4-ஐப் பொருத்திப் பாருங்கள். முதலாண்டு முடிவில் எட்டு அல்லது ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் ஆறு பேர். மூன்றாம் ஆண்டு முடிவில் நான்கு பேர். அலை ஓய்ந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், 2024 மார்ச்சில் இன்ஃபோசிஸின் எண் 12.6-க்கு இறங்கியது. அந்த வேகத்திலும் மூன்றாண்டில் பன்னிரண்டில் நான்கு பேர் போயிருப்பார்கள். போகிறவர்களில் புதியவர்களே அதிகம், அனுபவசாலிகள் தங்கிவிடுகிறார்கள் என்று ஒரு சமாதானம் உண்டு. அப்படியானால் பதினேழு ஆண்டு இருந்தவர் போகும்போது கூடவே போவது எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

அதற்குத்தான் கேடி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடில் பெரும்பகுதியை இந்த நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபருக்கென்றே ஒதுக்குகிறார்கள். அதில் நடப்பது என்ன? விலகுகிறவர் திரையைப் பகிர்ந்து பேசுவார், பதிவு செய்வார்கள், எக்செல் தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் நேராக "முடிந்தது" என்று குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள். எந்த வேலை எத்தனை மணிக்கு ஓடும் என்பது அதில் வந்துவிடும். எந்தக் கணக்கை யாரிடம் கேட்பது, இரவு இரண்டு மணிக்கு யார் பேச்சை நம்பலாம் என்பது வராது. அதற்கு எக்செல் தாளில் கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தை இதுநாள்வரை நிரப்பிவந்தது விடைபெறும் கடிதம்தான். அதையும் பறித்துவிட்டு, பணியாளர் ஈடுபாடு குறைகிறது என்று ஆலோசகர்களை அழைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். நிறுவனத்துக்குள் யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் இப்படிச் சுற்றறிக்கை எழுத முடியும்.

அவர்களுடைய உண்மையான பயம் வேறு. மனம் திறந்து எழுத விட்டால் குறைகளையும் எழுதிவிடுவார்களே என்பது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் இயான் ஹிக்ஸன். எச்டிஎம்எல்5 தரத்தின் ஆசிரியராக இருந்தவர். பிறகு ஃப்ளட்டரில் வேலை பார்த்தவர். கூகுளில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து விலகியபின் 2023 நவம்பரில் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். நிறுவனத்தின் தலைமையையும், அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த ஆட்குறைப்பையும் கடுமையாக விமர்சித்தார். உண்மை. ஆனால் அதே பதிவில், தொடக்க ஆண்டுகளின் கூகுளைப் பற்றியும் உடன் உழைத்தவர்களின் நேர்மையைப் பற்றியும் அவர் எழுதியதை இவர்கள் படிப்பதில்லை. நிறுவனத்தின் நோக்கத்தை வெளியே இருந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களையும் அவர் சொல்கிறார். எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தர முடியாத சாட்சியம் அது. குறை சொல்லவும் துணிந்தவர் எழுதியது என்பதால்தான் அந்தப் பாராட்டை நம்ப முடிகிறது. அவர் அதை எழுதியது தன் சொந்த வலைத்தளத்தில். எந்த ஹெச்ஆர் சுற்றறிக்கையும் அங்கே செல்லாது. உள்ளே வாயை அடைத்தால் குறை வெளியே போய்ப் பேசும்; நன்றி மட்டும்தான் அடைபட்டுப் போகும்.

ஆகவே அந்த நிறுவனம் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். கடைசி நாள் நள்ளிரவு வரை மின்னஞ்சல் கணக்கு திறந்திருக்க வேண்டும். குழு முழுவதற்கும் அனுப்பும் பொது முகவரியில் விலகுகிறவருக்கு அன்று ஒரு முறையாவது அனுமதி தர வேண்டும். இப்போது பல இடங்களில் மேனேஜருக்கு மேல் உள்ளவர்கள் மட்டுமே அந்த முகவரிக்கு அனுப்ப முடியும். கடிதம் திரும்பி வந்துவிட, போகிறவர் ஒவ்வொருவர் பெயராகத் தேடித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் ஒருவர் பார்த்தால் போதும், மற்றதில் கை வைக்கக் கூடாது. அந்தக் கடிதத்தைக் குழுவின் விக்கியில், ரன்புக்குக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் வாரத்தில் படிக்கக் கொடுக்க வேண்டியது அதைத்தான். இதைச் செய்யாத நிறுவனம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் பத்தாண்டு தாண்டிய ஒரு டீம் லீடைக்கூட இனி உருவாக்கப் போவதில்லை.