வவுச்சர் 46 எங்கே?



மாவட்டக் காரியாலயத்தின் பெரிய கணக்கை வருடத்துக்கு ஒரு முறை கணக்காய்வாளர் பார்க்கிறார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி, கணக்காய்வு செய்த வரவு செலவுக் கூற்றைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டியிருப்பதால் அது எப்படியோ நடந்துவிடுகிறது. தோட்டக் கமிட்டிகளின் கையில் இருக்கும் சில்லறைக் காசைப் பற்றித்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது. பஸ் காசு, போட்டோக் கொப்பி, மரண வீட்டுக்கு வெள்ளைத் துணி என்று போகிற இந்தக் காசும் செக்ரோலில் பிடித்த சந்தாவிலிருந்துதான் வருகிறது.

பூனாகலைப் பக்கத்துக் கமிட்டிகளில் இந்த வவுச்சர்களைக் காசேட்டில் பதிவது பெரும்பாலும் சாதாரண தரத்தில் வர்த்தகம் படித்த ஒரு தங்கச்சியின் வேலை. மாதக் கடைசியில் வவுச்சர் கட்டை அவளிடம் கொடுத்து, "எல்லாம் சரியா வர்ற மாதிரி எழுதிடும்மா" என்கிறோம். கோளாறு அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. வவுச்சரில் இருப்பதை இருக்கிறபடி எழுதுவதுதான் அவள் வேலை. சரியாக வரவைப்பது அவள் வேலையல்ல.

விளங்குவதற்காக ஒரு மாதக் கணக்கை நாமே அமைத்துப் பார்ப்போம். கமிட்டியின் சில்லறைக் காசு 15,000 ரூபா. அந்த மாத வவுச்சர்கள் 41 முதல் 47 வரை. முதல் வேலை, அவற்றைத் திகதிப்படி அல்லாமல் இலக்கப்படி அடுக்குவது. அப்போதுதான் 46 இல்லை என்பது தெரியும். திகதிப்படி அடுக்கினால் அந்த ஓட்டை கண்ணில் படாது.

41, காகிதாதிகள், 1,850 ரூபா: பில் உண்டு, தலைவரின் கையெழுத்து உண்டு. 42, பதுளைத் தொழில் திணைக்களப் பேச்சுவார்த்தைக்கு இருவர் போய்வந்த செலவு, 1,400: கையெழுத்து உண்டு, பில் இல்லை. 43, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ, 2,500: பில்லும் இல்லை, கையெழுத்தும் இல்லை. 44, வெள்ளைத் துணி, 2,200: இரண்டும் உண்டு, ஆனால் பில்லில் இருப்பது 2,020. 45, கூட்டத்துக்குத் தேத்தண்ணியும் பணிசும், 1,650: பில் உண்டு, கையெழுத்து இல்லை. 47, போட்டோக் கொப்பி, 480: இரண்டும் உண்டு.

காசேட்டில் வழக்கமான திகதி, இலக்கம், விபரம், பெற்றவர், தொகை என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் போடுங்கள். ஒன்று அனுமதிக்கு, மற்றது பில்லுக்கு. இல்லாத இடத்தில் சிவப்புப் பேனாவால் "இல்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் பிறகு யாரும் எதையும் நிரப்பலாம். இரண்டையும் ஒரே நிரலில் போட்டு "குறை" என்று எழுதுவதும் உதவாது. அனுமதி இல்லாவிட்டால் இந்தச் செலவைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்கவேண்டும். பில் இல்லாவிட்டால் செலவு உண்மையில் நடந்ததா, இவ்வளவுதானா என்று கேட்கவேண்டும். முதல் கேள்விக்குப் பதில் கமிட்டியிடம் இருக்கிறது, இரண்டாவதற்குக் காசைக் கொண்டுபோனவரிடம்.

44இல் காசேட்டுத் தொகை 2,200தான். வவுச்சரில் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் "பில் 2,020" என்று குறித்துவிட்டு வாங்கியவரைக் கேட்க வேண்டும். இலக்கம் இடம்மாறியிருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம். எழுதுகிறவர் தானே திருத்தினால் அந்தக் கேள்வியே காணாமல் போய்விடும்.

இனிக் கூட்டுவோம். ஆறு வவுச்சரும் சேர்த்து 10,080 ரூபா. டப்பாவில் 4,920 இருக்க வேண்டும். எண்ணினால் 3,920. ஆயிரம் ரூபா குறைகிறது, வவுச்சர் 46உம் இல்லை. "அப்ப 46 ஆயிரம் ரூபாதான், செலவுன்னு எழுது" என்று யாராவது சொல்வார்கள். எழுதக்கூடாது. 46க்கு எதிரே "வவுச்சர் இல்லை" என்று மட்டும் போட்டு, தொகையை எழுதாமல் கோடிட வேண்டும். ஆயிரம் ரூபாவைக் காசுக் குறைவு என்று தனி வரியில் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கலாம். 46 எழுதும்போது பிழைத்து இரத்தாக்கிய தாளாகவும் இருக்கலாம். இரத்தாக்கினால் குறுக்கே கோடிட்டுக் கட்டிலேயே வைக்க வேண்டும், கிழித்தெறியக் கூடாது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக வரும்வரை எத்தனை வருடம் போராடினோம் என்பது நமக்கு மறக்காது. அதே தொகையை டப்பாக் கணக்கில் ஒரு வரியால் மூடிவிட முடியாது.

கமிட்டிக்குக் கொடுக்கும் அறிக்கையில் இன்னொரு கவனம் தேவை. அனுமதி இல்லாதவை 43உம் 45உம், சேர்த்து 4,150. பில் இல்லாதவை 42உம் 43உம், சேர்த்து 3,900. இரண்டையும் கூட்டி 8,050 ரூபா கேள்விக்குரியது என்று சொன்னால் 43ஐ இருமுறை எண்ணியதாகிவிடும். உண்மைத் தொகை 5,550. கணக்கில் குற்றம் தேடுகிறவர்களும் கணக்குப் பிழைக்கக் கூடாதல்லவா?

"பஸ் கொண்டக்டர் பில் தருவானா?" என்ற கேள்வி நியாயமானது. 42க்கு மருந்து, போய்வந்த இருவரும் எந்த நாள், எங்கிருந்து எங்கே, ஆளுக்கு எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு துண்டு. பஸ்ஸுக்கு அது போதும். கடையில் வாங்கிய சாமானுக்கு அதை ஏற்கக் கூடாது, கடைக்காரர் பில் தரக்கூடியவர்.

43 வேறு விதம். நடுராத்திரியில் நோயாளியை வைத்துக்கொண்டு தலைவரின் கையெழுத்துக்கு ஓட முடியாது. 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்தபோது யாரும் வவுச்சர் புத்தகத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். தேடியிருக்கவும் கூடாது. ஆனால் அவசரம் வரும் என்பது நமக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ன தொகைவரை தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ ஒருவர் சொன்னால் போதும், ஏழு நாளுக்குள் கையெழுத்து என்று கமிட்டிக் கூட்டக் குறிப்பில் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்ட நாளின் திகதியே இருக்க வேண்டும். 3ஆம் திகதிச் செலவுக்கு 9ஆம் திகதி கையெழுத்திட்டால் 9 என்றே எழுதுங்கள். பின்திகதி போட்டால் நல்ல செலவும் கள்ளச் செலவு மாதிரித் தெரியும்.

காசை வாங்கியவரே அனுமதியும் கொடுத்திருந்தால் அதையும் அனுமதி இல்லாததாகவே கொள்ள வேண்டும். தலைவரின் பயணச் செலவுக்குப் பொருளாளர் கையெழுத்திடட்டும். இதைச் சொல்லத்தான் அந்தத் தங்கச்சிக்குத் தயக்கம். "என்னையே கேக்குறியா?" என்ற ஒரு பார்வை போதும், அடுத்த மாதம் அவள் கேட்கமாட்டாள். அதனால் கேட்கும் வேலையை அவளிடம் விடக் கூடாது. அவள் சிவப்பில் எழுதிய வரிகளைப் பொருளாளர் மாதக் கூட்டத்தில் முதல் விடயமாக வாசிக்க வேண்டும்.

டப்பாவை மறுபடி 15,000க்கு நிரப்பும்போது, தீராத வரிகளின் தொகையைக் கொடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் கருத்து. 42க்குத் துண்டு வந்துவிட்டால் அந்த 1,400ஐக் கொடுக்கலாம். 43, 45 கூட்டத்தில் அனுமதியாகும்வரை 4,150 நிற்கட்டும். 44இன் 180 ரூபா வித்தியாசமும் 46க்குரிய ஆயிரமும் விளக்கம் வரும்வரை நிற்கட்டும். காசு குறைந்த டப்பா மாதாமாதம் கமிட்டியின் முன்னால் வரும். கையெழுத்தும் அப்போது தானாக வரும்.

தீர்ந்த வரியைச் சிவப்பின் மேல் அழித்து எழுதாமல், பக்கத்தில் நீலத்தில் "அனுமதி பெற்றது" என்று திகதியோடு எழுதுங்கள். தீராதவை அடுத்த மாதப் பக்கத்தின் தலைப்பில் மீண்டும் வரட்டும். 46க்கு விளக்கம் கிடைக்கும்வரை, புதுப் பக்கத்தின் முதல் வரி 46தான்.