அஞ்சு ரூவா தானே என்று சொல்லாதீங்க

வீட்டுக் காசு தேவையில்லாத சந்தாக்களில் போகிறது என்ற பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எடுக்கிறார்கள்: மறதி. மறந்துட்டீங்க, கவனிக்கல்ல, பொறுப்பில்ல. யூடியூபில் சேமிப்பு சொல்லித் தருகிற அண்ணன்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கார்ட் ஸ்டேட்மென்டைப் பாருங்க, பாவிக்காததை நிறுத்துங்க, வேலை முடிஞ்சுது என்று. கார்ட்டே இல்லாத வீட்டில் எந்த ஸ்டேட்மென்டைப் பார்ப்பது என்று நாங்கள் கேட்கிறோம்.

மாத்தளையில், ரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் மேலே இருக்கிற லயங்களில், சந்தா பெரும்பாலும் ரீலோடில் இருந்துதான் போகிறது. அம்மா கடையில் நூறு ரூபா ரீலோட் போடுகிறார். ரெண்டு கோல் எடுப்பதற்குள் பாக்கி அறுபதில் நிற்கிறது. "இந்தக் கம்பனி சல்லியைத் தின்னுது" என்று ஏசிவிட்டு அடுத்த நூறைப் போடுகிறார். உண்மையில் தின்பது ஒரு ராசிபலன் மெசேஜ். ஒரு நாளைக்கு அஞ்சு ரூவா. என்றைக்கோ திரையில் பாய்ந்த ஒரு ஆங்கிலப் பெட்டியை மூடப் போய் `OK` அமத்தியதில் தொடங்கியது அது. இதை மறதி என்று எப்படிச் சொல்வது? ஒருவர் சம்மதித்த பிறகுதான் மறக்கவே முடியும். அம்மாவுக்குச் சந்தா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அதனால் இணையத்தில் கிடைக்கிற சந்தாக் கணக்கு அட்டவணைகள் எங்கள் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. அவற்றை எழுதியவர்கள் எல்லாம் மாதம் ஒரு தடவை, ஒரே கார்ட்டில் இருந்து, குறிப்பிட்ட திகதியில் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். சில செயலிகள் வங்கி மெசேஜ்களைத் தாங்களே வாசித்துக் கணக்குப் போடும். ஆனால் ரீலோடில் நடக்கிற வெட்டுக்கு வங்கி மெசேஜ் வராது. (அந்தச் செயலிகளில் சிலதுக்கே மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதை வாசித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் சிரித்தோம்.) எங்களுக்கு வேண்டியது ஒரு மொனிட்டர் கொப்பி, இல்லாவிட்டால் போனில் ஒரு ஷீட். வீட்டுக்கு ஒன்று போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

அதில் முதல் கட்டம் பெயர். ரெண்டாவது, காசு யாருடைய எதில் இருந்து போகிறது: அம்மாவின் சிம், அண்ணனின் கார்ட், அப்பாவின் சம்பளம். மூன்றாவது, வெட்டு எப்போது விழுகிறது: நாளுக்கா, மாதத்துக்கா, வருஷத்துக்கா. நான்காவது தொகை. ஐந்தாவது அதையே மாதக் கணக்காக மாற்றியது. ஆறாவது அடுத்த வெட்டு விழும் திகதி. ஏழாவது நிறுத்தும் நிலை. ஷீட்டில் போடுகிறவர்கள் ஐந்தாவது கட்டத்துக்கு இதை எழுதலாம். நாள் வெட்டுக்கு `D`, வருஷ வெட்டுக்கு `Y`, மாத வெட்டுக்கு `M`.

```
=IF(C2="D",D2*30,IF(C2="Y",D2/12,D2))
```

இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அட்டவணையே வீண். அஞ்சு ரூவா என்று விலை வைத்தவனுக்கு அது 150 ஆகத் தெரியக்கூடாது என்பதுதான் தேவை. வருஷத்துக்கு 1,825 ரூபா என்று எழுதிக் காட்டினால் யாரும் `OK` அமத்த மாட்டார்கள்.

நாள் வெட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது லேசு. இரவில் டேட்டாவை ஓஃப் பண்ணிவிட்டு, பாக்கி எவ்வளவு என்று பார்த்து எழுதுங்க. அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் அந்தச் சிம்மில் இருந்து கோலும் மெசேஜும் எடுக்காமல் இருங்க. திரும்பப் பார்க்கும்போது குறைந்திருப்பது முழுக்கச் சந்தா. டேட்டாவை ஓஃப் பண்ணாமல் பார்த்தால் எது டேட்டா, எது சந்தா என்று பிரிக்க முடியாமல் போகும். பாக்கி ரெண்டு மூன்று ரூபாவில் கிடக்கிற நாளில் பார்த்தாலும் பிழையான விடைதான் வரும். அப்போது வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் சேவை காத்துக்கொண்டிருக்கும், ரீலோட் விழுந்த கையோடு எடுக்கும். ரீலோட் போட்ட அன்றைக்கே காசு காணாமல் போவதாக அம்மாமார் சொல்வது இதனால்தான்.

இப்படி ஒரு வீட்டை எழுதிப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு நாங்கள் வைத்தவை, சாமான்கள் எங்கள் வீடுகளில் கிடப்பவை. அம்மாவின் சிம்மில் ராசிபலன், நாளுக்கு 5, மாதம் 150. அதே சிம்மில் ஒரு பாட்டு, மாதம் 60. இந்தப் பாட்டு அம்மாவுக்கு அழைப்பு எடுக்கிறவரின் காதில்தான் விழும், காசு கட்டுகிற அம்மா அதை ஒருநாளும் கேட்டதில்லை. இதை விடச் சிறந்த வியாபாரம் உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. அப்பாவின் சிம்மில் கிரிக்கெட் செய்தி, நாளுக்கு 4, மாதம் 120. கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணனின் கார்ட்டில் படம் வெட்டி ஒட்டுகிற ஒரு செயலி, மாதம் 2 டொலர், டொலர் 300 என்று வைத்தால் 600. டிவிக்கு மாதம் 800. கூட்டினால் 1,730.

இதில் டிவியை எல்லோரும் பார்க்கிறார்கள், அது இருக்கட்டும். மிச்சம் 930 ரூபாவுக்கு வீட்டில் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. வருஷத்துக்கு 11,160. 2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1,350 ஆக நிர்ணயிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கைக்கு 1,242. அந்தச் சம்பளத்தில் பார்த்தால் அம்மா வருஷத்தில் ஒன்பது பேர் போட்டு மலையில் கொழுந்தெடுப்பது ராசிபலனுக்கும், தனக்குக் கேட்காத பாட்டுக்கும், அண்ணன் எப்போதோ அழித்த செயலிக்கும். ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் என்று எழுதுகிற கணக்கு எங்களுக்குப் பழக்கம்தானே. இந்தக் கணக்கை மட்டும் ஏன் அஞ்சு ரூவா தானே என்று விட வேண்டும்?

அண்ணனின் செயலிக்குத் தனியாக ஒரு வார்த்தை. போனில் இருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions` என்று போய் அங்கே நிறுத்த வேண்டும். அழித்த செயலி கண்ணில் படாது, ஆனால் வெட்டு ஓடிக்கொண்டிருக்கும். டொலர் விலையை ரூபாவாக மட்டும் எழுதி வைப்பதும் ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரைக்கும் போனது. கம்பனி விலையைக் கூட்டாமலே சந்தா கூடியது. டொலர் தொகையையும் அன்றைய மாற்று வீதத்தையும் வேறு வேறு கட்டத்தில் எழுதுங்க.

அடுத்தது நிறுத்தும் நிலை. கிடைக்கிற அட்டவணைகள் பலதில் இதற்கு ஓடுது, நின்றுது என்று ரெண்டே சொல். எங்களுக்கு நாலு வேண்டும்: ஓடுது, நிறுத்தச் சொன்னோம், பதில் வந்தது, வெட்டு நின்றது. ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில்தான் காசு தொலைகிறது. நிறுத்தும் மெசேஜை அனுப்பியதும், அல்லது ஹொட்லைனில் ஒரு தம்பி "சரி, எடுத்துட்டேன்" என்றதும் நாங்கள் நிம்மதியாகிவிடுகிறோம். அது கம்பனி தந்த வார்த்தை மட்டும்தான். நாள் வெட்டு என்றால் பாக்கி இருக்கிற சிம்மில் மூன்று நாள் அதே சோதனை செய்து குறையாமல் நிற்க வேண்டும். மாத வெட்டு என்றால் ஆறாவது கட்டத்துத் திகதி வந்து, ஒன்றும் போகாமல் கடக்க வேண்டும். அது வரைக்கும் நாலாவது சொல்லை எழுதக்கூடாது. சொன்ன திகதி, நேரம், தந்த இலக்கம், வந்த மெசேஜின் படம் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்க. நின்ற பிறகும் அந்த வரியை அழிக்க வேண்டாம். மூன்று நாள் இலவசம் என்று அதே சேவை திரும்ப வரும்போது, எப்போது நிறுத்தினோம் என்று காட்ட அந்த வரி ஒன்றுதான் இருக்கும்.

ஆகப் பழைய தானியங்கிச் சந்தா ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. பே சிலிப்பில் விழுகிற தொழிற்சங்கச் சந்தா. பேர் பதிந்த அன்றைக்கு ஒரு தாளில் ஒப்பம், அதற்குப் பிறகு புதுப்பிக்கும் திகதி என்று ஒன்றே கிடையாது. சங்கத்தை விடச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. சங்கம் இல்லாத தோட்டத்தில் தொழிலாளிக்கு என்ன நடக்கும் என்று எங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். ஆனால் இந்தச் சந்தாவும் அதே கொப்பியில், அதே ஏழு கட்டத்தோடு இருக்க வேண்டும். சங்கம் மாறுகிறவர் பழைய சங்கத்துக்கும் தோட்டக் கந்தோருக்கும் கடிதம் கொடுத்தால் அது "நிறுத்தச் சொன்னோம்" மட்டும்தான். அடுத்த பே சிலிப்பில் பழைய பெயர் இல்லாமல் போனால்தான் "வெட்டு நின்றது". ரெண்டு பெயரும் ஒரே சிலிப்பில் இருந்தால், கடிதத்தின் பிரதியும் சிலிப்பும் கையில் இருக்கிறவர் கிளார்க்கரிடம் பேசுகிற விதமே வேறு.

சரி, கொப்பி எழுதினால் மட்டும் போதுமா? போதாது. ஒரு தடவை அமத்தினால் தொடங்குவது, பத்துத் தடவை அலைந்தால்தான் நிற்கும் என்பது வடிவமைப்பு. அதை வீட்டுக்காரர் பொறுமையால் சரிக்கட்ட முடியாது. மற்ற இடங்களில் சட்டம் போட்டார்கள். ஜெர்மனியில் 2022 ஜூலையில் இருந்து, இணையத்தில் சந்தா விற்கிறவர் இணையத்திலேயே நிறுத்தும் பொத்தானும் வைக்க வேண்டும். இந்தியாவில் 2021 ஒக்டோபரில் இருந்து, கார்ட்டில் தானாகப் போகிற காசுக்கு 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. போன் சேவைகளை நிறுத்த எல்லாக் கம்பனிக்கும் பொதுவாக 155223 என்று ஒரே இலக்கமும் அங்கே உண்டு. அமெரிக்காவில் இதே மாதிரி விதி ஒன்று வந்து, அமலுக்கு வர முன்னமே 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் விழுந்தது. கம்பனிகள் இதற்காகச் சண்டை பிடிக்கின்றன என்றால் மற்றவர்களின் 'மறதி'யில் எவ்வளவு காசு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எங்கள் கேள்வி பெரிதில்லை. ஒவ்வொரு சிம்முக்கும் மாதம் ஒரு தடவை, என்னென்ன சேவை ஓடுது, போன மாதம் எவ்வளவு வெட்டினோம் என்று தமிழில் ஒரு மெசேஜ். அதற்கு ஒரு எழுத்தைப் பதிலாக அனுப்பினால் நிற்க வேண்டும். தொடங்கும்போது ரெண்டு தடவை கேட்க வேண்டும், அதுவும் அந்த வீட்டில் வாசிக்கிற மொழியில். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ, 1977க்கு எடுத்து நுகர்வோர் அதிகார சபைக்கோ முறையிடப் போகிறவரிடம் "எப்போதிருந்து, எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கொப்பி இருந்தால் பதில் இருக்கும்.

இந்த நீண்ட வார இறுதியில் வீட்டுக்குப் போகிற தோழர்கள் அம்மாவின் போனில் இருந்து தொடங்குங்க. டேட்டா ஓஃப், பாக்கி எவ்வளவு, நேரம் என்ன. காலண்டர் தொங்குகிற ஆணியிலேயே கொப்பியையும் தொங்கவிட்டால் பாட்டியும் திகதி பார்த்துச் சொல்வார்.