தாலி கட்டுற படம் எங்க?

கலியாணப் படம் எடுக்கிற எங்கட நண்பர் ஒருத்தர், யாழ்ப்பாணத்தில கலியாணம் ஒழுங்கு செய்யிற ஒரு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில நாற்பது படம் அனுப்பினார். எல்லாம் பின்னேர வெயிலில கடற்கரையில எடுத்த சோடிப் படங்கள். வடிவுதான். வந்த பதில் ஒரே வரி: “தாலி கட்டுற படம் இருக்கோ தம்பி?”

அந்தக் கேள்வி நியாயமானது எண்டுதான் நினைக்கிறம். கடற்கரையில சரிவராட்டி இன்னொருக்கா நிக்கச் சொல்லலாம். மணவறையில ஊதா லைட் முகத்தில அடிக்கும், சொந்தக்காரர் போனைத் தூக்கிப் பிடிப்பினம், தாலி ஒருக்காத்தான் ஏறும்.

அதனால ஒரே கலியாணத்தின் எட்டுப் படம் போதும்: பொம்பிளை வெளிக்கிடுறது, கூறை, தாலி, அறுகரிசி, கடைசியில குடும்பப் படம். சோடியிட்ட அனுமதி கேட்டிட்டு அனுப்புங்கோ. சாதாரணமா அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிப்போடும். அல்பத்தின் லிங்க் ஒண்டு நல்லது. கூடவே இவ்வளவு எழுதினால் காணும்:

“வணக்கம் அக்கா. யாழ்ப்பாணத்தில கலியாணப் படம் எடுக்கிறன். போன மாதம் எடுத்த ஒரு கலியாணம் இந்த லிங்கில இருக்கு. ஆவணியில இரண்டு முகூர்த்த நாள் இன்னும் காலி. இரண்டு பேர் வருவம். ஒரு நாள் விலை கீழே.”

விலையைப் போட்டால் ஆக்கள் ஓடிடுவினம் எண்டு எங்களுக்குள்ளயே சண்டை. ஆனால் அந்த அக்கா மெசேஜை அப்படியே பொம்பிளை வீட்டுக்குத்தான் தட்டிவிடுவா. விலை இல்லாட்டி “எவ்வளவாம்?” எண்டு திரும்பி வரும், அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சிடுவினம்.

பதில் வராட்டி ஒரு கிழமையால ஒருக்காக் கேளுங்கோ. மூண்டாம் தரம் வேண்டாம்.