கிரீந்திரசேகர் போஸும் சூப்பர் ஈகோவும்: சோதிக்கப்படாமல் போன ஒரு முரண்பாடு

ஃப்ராய்டின் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்னும் முப்பகுப்பு சோதனைக்கு உட்படாதது என்ற விமர்சனம் பெரும்பாலும் கார்ல் பாப்பரின் பெயரோடு நின்றுவிடுகிறது. அதைக் கூர்மையாக விளக்கும் நிகழ்வு ஒன்று கொல்கத்தாவில் நடந்தது. அது நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

1923இல் முப்பகுப்பை முன்வைத்த ஃப்ராய்ட், சூப்பர் ஈகோ உருவாகும் வழியையும் வகுத்துரைத்தார். தாய் மீது ஆண் குழந்தை கொள்ளும் விழைவு, தந்தையால் காயடிக்கப்படுவோம் என்ற அச்சத்தால் கைவிடப்படுகிறது. தந்தையின் தடை அகத்துள் குடியேறிச் சூப்பர் ஈகோவாகிறது. அச்சமே இங்குக் காரணம்.

1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், 1929இல் தம் கட்டுரைகளை ஃப்ராய்டுக்கு அனுப்பினார். தம் இந்திய நோயாளிகளிடம் காயடிப்பு அச்சம் ஐரோப்பியரிடம் காணப்படும் அளவு முதன்மை பெறவில்லை என்றும், ஆண்களிடம் பெண்ணாதல் விழைவு எளிதில் வெளிப்படுகிறது என்றும் எழுதினார். ஒவ்வொரு விழைவுக்கும் நனவிலியில் ஓர் எதிர் விழைவு உண்டு என்பது அவருடைய கோட்பாடு. ஃப்ராய்ட் அந்த வேறுபாட்டை ஏற்று, கவனம் செலுத்துவதாகப் பதில் எழுதினார். கோட்பாடு மாறவில்லை.

காரணம் வலுக்குன்றிய இடத்தில் விளைவும் வலுக்குன்ற வேண்டும். அப்படியானால் இந்திய ஆண்களின் சூப்பர் ஈகோ தளர்ந்திருக்க வேண்டும். அதை எப்படி அளப்பது? எதைக் கண்டால் கோட்பாடு தவறு? எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அச்சம் தென்பட்டால் கோட்பாட்டுக்குச் சான்று. தென்படாவிட்டால் அது இன்னும் ஆழமாக அடக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. பாப்பர் சுட்டியது இந்த வசதியைத்தான்.

ஆயினும் அவருடைய தீர்ப்பு சற்று மிகையானது. இதே தர்க்கத்திலிருந்து 1925இல் ஃப்ராய்ட் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார்: இழப்பு நிகழ்ந்துவிட்டதாகக் கருதும் பெண் குழந்தைக்கு அந்த அச்சம் இல்லை, ஆகவே பெண்களின் சூப்பர் ஈகோ ஆண்களுடையதைப் போல உறுதியானதன்று. குற்றவுணர்வைச் சூப்பர் ஈகோவின் அடையாளமாகக் கொண்டால் இது சோதிக்கத்தக்கது. பிற்கால ஒப்பீடுகளில் பெண்களின் குற்றவுணர்வு குறைவாக இல்லை. சிலவற்றில் அது மிகுதியாகவே இருந்தது. அதாவது, கோட்பாட்டின் சில கிளைகள் சோதிக்கப்பட்டுத் தோற்றவை. இட் எவ்வளவு, ஈகோ எவ்வளவு என்று அளவு குறிக்காத மூலப் பகுப்புதான் எதிலும் சிக்குவதில்லை. ‘சோதிக்க முடியாது’ என்ற ஒற்றைத் தொடர் இவ்விரண்டையும் குழப்புகிறது.

1984இல் அடால்ஃப் குரூன்பாம் எழுப்பிய வாதம் இதைவிடக் கடினமானது. மருத்துவரின் எதிர்பார்ப்பு நோயாளியின் சொற்களில் கலந்துவிடக்கூடும். எனவே சிகிச்சை அறையில் கிடைக்கும் தரவு தனித்துச் சான்றாகாது. இந்த ஐயம் போஸையும் விட்டுவைப்பதில்லை. வியன்னாவின் நோயாளிகள் ஃப்ராய்டின் கோட்பாட்டுக்கும், கொல்கத்தாவின் நோயாளிகள் போஸின் எதிர் விழைவுக்கும் சான்றளித்தனர். பண்பாட்டு வேறுபாடா, மருத்துவர் வேறுபாடா என்று பிரித்தறிய, இருவரின் கருத்தையும் அறியாத மூன்றாமவர் ஒருவர் அந்த உரையாடல்களை மதிப்பிட்டிருக்க வேண்டும். அத்தகைய ஏற்பாட்டை இருவரில் எவரும் கோரவில்லை.